கூட்டம் நடுவில் கோரம் உடைந்தால் குறிப்பில் என்ன எழுதுவது?

பல கம்பனிகளின் பணிப்பாளர் சபைக் கூட்டக் குறிப்பில், கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வருகையான கோரம் பற்றி ஒரே வரிதான் இருக்கும்: “கோரம் இருந்தபடியால் கூட்டம் ஆரம்பமானது.” எத்தனை பேருக்கு எத்தனை பேர் என்ற கணக்கு இல்லை, நேரமும் இல்லை. பின்னொரு நாள் வங்கி ஒரு தீர்மானத்தின் உறுதிப்படுத்திய பிரதியைக் கேட்டு, அதைத் துருவிப் பார்க்கத் தொடங்கினால், இந்த வரி கைகொடுக்காது.

முதலில் தேவையான எண்ணிக்கையைக் கம்பனியின் அகவிதிகளில் பாருங்கள். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் மாதிரி அகவிதிகள் உண்டு. ஆனால் உங்கள் கம்பனி அதை மாற்றியிருக்கலாம். பணிப்பாளர்களில் பெரும்பான்மை என்று இருந்தால் 7 பேருக்கு 4. 6 பேருக்கும் 4 தான். 3 என்பது பாதி, பெரும்பான்மை அல்ல. இந்த இடத்தில்தான் அதிகம் தவறுகிறார்கள். கம்பனிச் செயலாளரும் அழைப்பின்பேரில் வந்த கணக்காளரும் எண்ணிக்கையில் சேரமாட்டார்கள். அவர்களின் பெயரைத் தனித் தலைப்பில் எழுதுங்கள்.

7 பேர் கொண்ட சபையை எடுத்துக்கொள்வோம். மாலை 4.00 மணிக் கூட்டத்துக்கு 2 பேர் மண்டபத்தில், ஒருவர் காணொளியில். காலி வீதி நெரிசலில் சிக்கிய நான்காமவரை நம்பி 4.00 மணிக்கே தொடங்கியதாக எழுதக்கூடாது. நான்காமவர் இணைந்தது 4.12க்கு என்றால் தொடக்கமும் 4.12 தான்:

“தேவையான கோரம் 4. சமூகமளித்தோர் 4 (ஒருவர் காணொளி மூலம், அகவிதிகள் இடமளித்தவாறு). கோரம் இருப்பதைத் தவிசாளர் உறுதிசெய்து, பி.ப. 4.12க்குக் கூட்டத்தை ஆரம்பித்தார்.”

5.20க்கு ஒருவர் கட்டுநாயக்காவுக்குப் புறப்படுகிறார். அப்போது நிகழ்ச்சிநிரலில் 4 விடயங்கள் முடிந்திருக்கின்றன, 5ஆவதான கடன் அனுமதி இன்னும் வாக்குக்கு வரவில்லை. பலர் அவர் போனதைக் குறிக்காமல் விட்டுவிட்டு, 5ஆவதும் நிறைவேறியதாக எழுதிவிடுகிறார்கள். கடன் ஒப்பந்தம் பின்னர் சர்ச்சைக்குள்ளானால் அந்தத் தீர்மானம் நிற்காது. எழுத வேண்டியது இப்படி:

“பி.ப. 5.20க்கு (பெயர்) விடைபெற்றார். எஞ்சியோர் 3. கோரம் இல்லாததைத் தவிசாளர் அறிவித்தார். 5ஆம், 6ஆம் விடயங்கள் மீது தீர்மானம் எடுக்கப்படவில்லை, அவை ஒத்திவைக்கப்பட்டன. கூட்டம் பி.ப. 5.24க்கு முடிவுற்றது.”

கோரம் இருந்தபோது எடுத்த முதல் 4 தீர்மானங்களும் செல்லும். அதனால் ஒவ்வொரு விடயமும் முடிந்த நேரத்தைக் குறித்துவைப்பது நல்லது. மீதி 3 பேர் தேநீரோடு பேசியதை “கொள்கையளவில் இணக்கம்” என்று குறிப்பில் நுழைக்காதீர்கள். அந்தச் சொல்லுக்கு எந்தப் பெறுமதியும் இல்லை.

யாரும் எழுந்து போகாமலும் கோரம் உடையலாம். காணொளித் தொடர்பு அறுந்தால் அதுவும் வெளியேற்றமே. அறுந்த நேரம், திரும்ப இணைந்த நேரம் இரண்டையும் எழுதுங்கள். இடையில் தீர்மானம் எடுத்திருந்தால், அவர் வந்தபின் மறுபடி வாக்குக்கு விடவேண்டும். விடயத்தில் சொந்த நலனுள்ள பணிப்பாளரைக் கோரத்தில் சேர்க்கக்கூடாதென்று சில அகவிதிகள் சொல்கின்றன. அப்படியானால் அந்த ஒரு விடயத்துக்கு மட்டும் கோரத்தைத் தனியாக எண்ணிப் பதிய வேண்டும்.

கடன் அவசரமென்றால், அகவிதிகள் இடமளிக்கும் கம்பனியில் சுற்றறிக்கைத் தீர்மானத்தில் கையொப்பம் வாங்கலாம். திகதி கையொப்பமிட்ட நாளுக்குரியது, கூட்ட நாளுக்குரியதல்ல.