கீழ் பிரஷர் 70 என்றால் நிம்மதியா?

பாம்பன், மண்டபம் பக்கம் வயதானவர்களின் பிரஷர் சீட்டைப் பார்த்தால் 168/70 போன்ற எண்கள் அடிக்கடி கண்ணில் படும். வீட்டில் உடனே, "கீழ எழுபதுதான் இருக்கு, பயப்படாதீங்க அப்பத்தா" என்பார்கள். நான் பார்த்ததில் பெரிய தவறு இதுதான்.

168-இல் 70 போனால் 98. இந்த இடைவெளிக்கு நாடி அழுத்தம் என்று பெயர். சாதாரணமாக 40 அளவில் இருக்கும். வயதானவர்களுக்கு 60-ஐத் தாண்டியே நின்றால் கவனிக்க வேண்டும். இதயம் ரத்தத்தைத் தள்ளும்போது பெருந்தமனி விரிந்து இடம் கொடுக்கும். இதயம் தளரும்போது அதுவே சுருங்கி ரத்தத்தை மெல்ல முன்னே தள்ளும். வயதாகி அந்தச் சுவர் விறைத்துப் போனால் விரியாது, அதனால் மேல் எண் ஏறும். திரும்பச் சுருங்கித் தள்ளவும் முடியாது, அதனால் கீழ் எண் இறங்கும். ஆக அந்த 70 நல்ல செய்தி இல்லை, விறைப்பின் இன்னொரு முகம். பக்கவாதம், மாரடைப்பு அபாயம் இவர்களுக்கு அதிகம்.

அடுத்த தவறு, கீழ் எண் குறைகிறதே என்று மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்துவது. இதயத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் இதயம் தளரும் நேரத்தில்தான் போகிறது. அதனால் கீழ் எண் மிகவும் இறங்கக் கூடாது என்று டாக்டரும் பார்த்துப் பார்த்துத்தான் அளவைக் கூட்டுவார். எழுந்தால் தலைசுற்றினால் அதை அவரிடம் சொல்லுங்கள். மாத்திரை அளவை அவர் மாற்றட்டும். கருவாடும் ஊறுகாயும் தினமும் இலையில் இருக்கிறதா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள், உப்பு மேல் எண்ணை ஏற்றும்.

ஒரே ஒரு அளவை நம்பி முடிவு கட்டுவதும் சரியில்லை. மீன்கூடையை இறக்கி வைத்த கையோடு பார்த்தால் மேல் எண் எகிறும், இடைவெளி தானாக விரியும். காய்ச்சலிலும் படபடப்பிலும் அப்படித்தான். சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து இரண்டு முறை பாருங்கள். 168/70 வந்த அப்பத்தாவுக்கு இப்படிப் பார்த்தால் 156/70 வரலாம். இடைவெளி 86, அப்போதும் அதிகம்தான். வேறு நாளிலும் இப்படியே வந்தால், வீடு தேடி மருந்து கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் ஊழியரிடம் மேல் எண், கீழ் எண் இரண்டையும் காட்டுங்கள்.

அப்புறம், கடலுக்குப் போகிற முப்பது வயதுப் பையனுக்கு 140/50 வந்தால் அதை வயதின் கணக்கில் எழுத முடியாது. பெருந்தமனி வால்வு கசிகிறதா, தைராய்டு அதிகமாகச் சுரக்கிறதா, கடும் ரத்தசோகையா என்று தேட வேண்டும். படுத்தால் மூச்சு முட்டுகிறது, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்றால் தள்ளிப்போடாமல் எக்கோ எடுத்துவிட வேண்டும்.