சிதறிக் கிடக்கும் துணைநூற்பட்டியலை ஒரே நடைக்குக் கொண்டுவருவது எப்படி?

ஆய்வேட்டின் கடைசிப் பக்கங்களில் வரும் துணைநூற்பட்டியல் ஒரே நாளில் உருவாவதில்லை. ஒரு நூலை நூலகத்தில் பார்த்து நோட்டில் குறித்திருப்போம், இன்னொன்றை வேறொருவர் ஆய்வேட்டிலிருந்து எடுத்திருப்போம், மற்றொன்று கூடப் படிக்கும் நண்பர் வாட்சப்பில் அனுப்பியதாக இருக்கும். எல்லாவற்றையும் ஒரே கோப்பில் ஒட்டியதும் இப்படித்தான் நிற்கும்:

> தொ.பரமசிவன்,அழகர்கோயில் , மதுரை காமராசர் பல்கலைக்கழகம்,மதுரை-21, 1989
>
> பரமசிவன் தொ (2001) "பண்பாட்டு அசைவுகள்" காலச்சுவடு பதிப்பகம், நாகர்கோயில்
>
> மு.வ., தமிழ் இலக்கிய வரலாறு, சாகித்ய அகாடமி, 1972
>
> டாக்டர் கா.சிவத்தம்பி - தமிழில் இலக்கிய வரலாறு. நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் (1988), சென்னை.
>
> புறநானூறு, உ.வே.சா. பதிப்பு, சென்னை 1894
>
> ஆ.இரா. வேங்கடாசலபதி: அந்தக் காலத்தில் காப்பி இல்லை, 2000.

இந்த ஆறு பதிவுகளையும் கடைசி வரை கொண்டுபோய் ஒரே நடையில் நிறுத்துவோம். உங்களிடம் நூற்றைம்பது பதிவுகள் இருந்தாலும் வேலை இதேதான்.

முதலில் அச்சு ஒன்றை முடிவு செய்யுங்கள்

பல்கலைக்கழகமோ இதழோ தன் நடையைச் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். சொல்லவில்லை என்றால் ஆசிரியர் பெயருக்கு அடுத்து ஆண்டு வரும் நடை நல்லது. கட்டுரைக்குள் (பரமசிவன் 1989: 45) என்று சுட்டினால், வாசகர் பட்டியலில் பெயரையும் ஆண்டையும் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார். நான் எடுத்துக்கொள்ளும் அச்சு இது:

> பெயர், இனிஷியல். ஆண்டு. நூல் தலைப்பு. ஊர்: பதிப்பகம்.

இதழ்க் கட்டுரை என்றால் தலைப்பு இரட்டை மேற்கோள் குறிக்குள் வரும். அதன்பின் இதழின் பெயர் தடித்த எழுத்தில், பிறகு தொகுதி, எண், பக்கங்கள். ஆங்கிலத்தில் தலைப்பைச் சாய்வெழுத்தில் போடுவார்கள். தமிழ் எழுத்துருக்கள் பலவற்றைச் சாய்த்தால் வளைவுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு படிக்கச் சிரமமாகிறது, அதனால் நான் தடித்த எழுத்தையே வைத்துக்கொள்கிறேன்.

நிறுத்தற்குறியில் கை வைக்காதீர்கள், பதிவைப் பிரியுங்கள்

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் வேர்டைத் திறந்து, ஒவ்வொரு வரியாக காற்புள்ளியை முற்றுப்புள்ளியாக்கத் தொடங்குவார்கள். இருபதாவது பதிவில் கண் சோர்ந்துவிடும், முதல் பத்துப் பதிவும் அடுத்த பத்தும் வேறு வேறாக நிற்கும். அதற்குப் பதிலாக எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸில் ஏழு நிரல்கள் வையுங்கள். A முதல் E வரை பெயர், ஆண்டு, தலைப்பு, ஊர், பதிப்பகம். F குறிப்புக்கு. G நிரலில் பழைய பதிவை அப்படியே ஒட்டி, முன்னால் 1, 2, 3 என்று எண் போட்டுவையுங்கள். ஏதேனும் சந்தேகம் வந்தால் திரும்பிப் பார்க்க அது வேண்டும், எதுவும் தொலையவில்லை என்று எண்ணிப் பார்க்கவும் வேண்டும்.

பிரிக்கும்போதே குறைகள் தானாக வெளியே வரும். வேங்கடாசலபதி பதிவில் ஊரும் பதிப்பகமும் இல்லை, D, E கட்டங்கள் காலியாக நிற்கும். மு.வ. பதிவில் ஊர் இல்லை. வரியாகப் படிக்கும்போது இவை கண்ணில் படவே படாது. காலிக் கட்டங்களை மஞ்சளாக்கிவிட்டு நூலைக் கையில் எடுங்கள். தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் பதிப்பு விவரப் பக்கம்தான் ஆதாரம், அட்டை அல்ல, விற்பனைத் தளமும் அல்ல.

பெயர்

அதிக நேரம் எடுப்பது இதுதான். தமிழ்ப் பெயரில் குடும்பப் பெயர் கிடையாது, முன்னால் நிற்பது தந்தை பெயரின் அல்லது ஊரின் முதலெழுத்து. எனவே தொ. பரமசிவன் "பரமசிவன், தொ." ஆவார், ஆ. இரா. வேங்கடாசலபதி "வேங்கடாசலபதி, ஆ. இரா." ஆவார். இரா. என்பது இரண்டெழுத்து இனிஷியல், அதை "இ." என்று சுருக்கக் கூடாது. மயிலை சீனி. வேங்கடசாமி போன்ற பெயரில் மயிலை ஊர், சீனி. தந்தை பெயர். அவர் "வேங்கடசாமி, மயிலை சீனி." ஆவார். ஜெயகாந்தன், புதுமைப்பித்தன் போல ஒற்றைப் பெயரில் எழுதியவர்களை அப்படியே விட்டுவிடுங்கள்.

டாக்டர், பேராசிரியர், முனைவர், திரு ஆகியவற்றை எடுத்துவிடுங்கள். மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. அவை இருந்தால் அகரவரிசை கெடும்.

மு.வ., உ.வே.சா. போன்ற செல்லச் சுருக்கங்கள் வேறொரு வகையில் ஆபத்து. ஒரு பட்டியலைத் திருத்தும்போது ஒரே நூல் "மு.வ." என்று ஒரு முறையும், "வரதராசன், மு." என்று இன்னொரு முறையும் நின்றதைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் பட்டியலின் இரு கோடியில் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. பெயர்களை முழுமையாக்கிய பிறகு C நிரலைத் தலைப்புவாரியாக ஒரு முறை வரிசைப்படுத்திப் பாருங்கள், இரட்டைப் பதிவுகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும்.

புறநானூறு பலர் பாடிய தொகை, அதற்கு ஓர் ஆசிரியர் இல்லை. உ. வே. சாமிநாதையர் பதிப்பாசிரியர். ஆசிரியர் இடத்தில் அவரைப் போட்டால் அவர் எழுதிய நூல் என்று பொருள்படும். எனவே நூற்பெயரையே முதலில் வைத்து, பதிப்பாசிரியரை (பதி.) என்ற குறிப்போடு பின்னால் சொல்கிறேன். எல்லாச் சங்க நூல்களுக்கும் இதே முறைதான் என்று F நிரலில் எழுதிவையுங்கள், இல்லாவிட்டால் குறுந்தொகைக்கு வரும்போது மறந்துவிடும்.

ஆண்டு

நம் நூல்களில் முதற்பதிப்பு, மறுபதிப்பு இரண்டும் அச்சிட்டிருக்கும். நீங்கள் மேற்கோள் காட்டும் பக்க எண் எந்தப் பிரதியிலிருந்து வந்ததோ அந்த ஆண்டைத்தான் எழுத வேண்டும். மு. வரதராசனின் இலக்கிய வரலாறு முதலில் வந்தது 1972இல். உங்கள் கையில் இருப்பது 2010 மறுபதிப்பு என்று வைத்துக்கொள்வோம். அப்போது "2010 [1972]" என்று எழுதினால் பக்கமும் சரியாக இருக்கும், காலமும் தெரியும். பக்கம் 2010 பிரதியிலிருந்து, ஆண்டு 1972 என்று கலந்துவிட்டால் சரிபார்ப்பவர் அந்தப் பக்கத்தில் வேறு எதையோ பார்ப்பார்.

சில நூல்களில் திருவள்ளுவர் ஆண்டு மட்டும் இருக்கும். அதிலிருந்து 31 கழித்தால் கி.பி. ஆண்டு கிடைக்கும்: 2020 என்றிருந்தால் 1989.

எழுத்துக்கூட்டல்: எதைத் திருத்தலாம்?

ஊர், பதிப்பகம் இரண்டையும் பட்டியல் முழுக்க ஒரே மாதிரி ஆக்கலாம். நாகர்கோயில், நாகர்கோவில் இரண்டில் ஒன்று, புதுதில்லி, புது டெல்லி இரண்டில் ஒன்று. அகாதெமியை அவர்கள் நூலில் அச்சிட்டபடியே "சாகித்திய அகாதெமி" என்று வையுங்கள். "மதுரை-21" என்ற அஞ்சல் எண் தேவையில்லை. ஆனால் நூல் தலைப்பில் கை வைக்காதீர்கள். தலைப்புப் பக்கத்தில் "அழகர் கோயில்" என்று பிரித்திருந்தால் பிரித்தே எழுத வேண்டும். உங்களுக்குப் பிடிக்காத சந்தியாக இருந்தாலும் அது ஆசிரியருடையது.

இப்போது கோர்ப்போம்

தரவு சரியானதும் நிறுத்தற்குறியைச் சூத்திரமே போட்டுவிடும். H2 கட்டத்தில் இதை இட்டுக் கீழே இழுங்கள்:

```
=A2&" "&B2&". "&C2&". "&D2&": "&E2&"."
```

பெயருக்குப் பின் வரும் புள்ளி A கட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்: "பரமசிவன், தொ." என்றும், ஒற்றைப் பெயரானால் "ஜெயகாந்தன்." என்றும். சூத்திரத்தில் புள்ளி வைத்தால் "தொ.." என்று இரண்டு வந்துவிடும். கேள்விக்குறியில் முடியும் தலைப்பு இருந்தால் அதை மட்டும் கையால் திருத்துங்கள். புறநானூறு போல அச்சிலிருந்து விலகும் பதிவையும் கையால் எழுதுவதே எளிது.

பழைய பதிவிலிருந்து வெட்டி ஒட்டும்போது வால் இடைவெளிகள் கூடவே வரும். H நிரலை வேர்டுக்கோ லிப்ரே ஆபீஸ் ரைட்டருக்கோ எடுத்துச் சென்ற பிறகு அவற்றைத் தேடலாம். ரைட்டரில் Regular expressions பெட்டியைத் தேர்ந்துவிட்டு முதல் வரியைத் தேடும் இடத்திலும் இரண்டாம் வரியை மாற்றும் இடத்திலும் கொடுங்கள்:

```
\s+([.,:;])
$1
```

புள்ளிக்கும் காற்புள்ளிக்கும் முன்னால் நிற்கும் வெற்றிடம் போய்விடும். "Replace All" அழுத்தாமல் முதல் பத்தையாவது ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போங்கள்.

அகரவரிசை

கணினி வரிசைப்படுத்தியது தமிழ் அகரவரிசைதான் என்று நம்பிவிடாதீர்கள். யூனிகோடு அட்டவணையில் ன என்பது ந-வுக்கு அடுத்தே இருக்கிறது, நம் வரிசையிலோ அது கடைசி. புள்ளியும் அங்கே உயிர்க்குறிகளுக்குப் பின்னால் வருகிறது, நமக்கு மெய் முதலில். எனவே மொழி அறியாத மென்பொருள் கனகசபையைக் கமலாவுக்கு முன்னாலும், அபிராமியை அப்பாத்துரைக்கு முன்னாலும் வைத்துவிடும். இந்த நான்கு பெயர்களையும் ஒரு தாளில் போட்டு வரிசைப்படுத்திப் பாருங்கள். அப்பாத்துரை, அபிராமி, கமலா, கனகசபை என்று வந்தால் சரி. மாறி வந்தால் வரிசைப்படுத்தும் விருப்பங்களில் மொழியைத் தமிழாக்குங்கள், அது முடியாவிட்டால் கையால் நகர்த்துங்கள்.

ஒரே ஆசிரியரின் நூல்கள் பல இருந்தால் பழைய ஆண்டு முதலில். ஒரே ஆண்டில் இரண்டு என்றால் 2001அ, 2001ஆ, கட்டுரைக்குள்ளும் அப்படியே. பெயருக்குப் பதில் கோடு இழுக்கும் வழக்கம் உண்டு, நான் அதைச் செய்வதில்லை. பிறகு ஒரு நூலை இடையில் சேர்த்தால் அந்தக் கோடு வேறொருவர் பெயருக்குக் கீழே போய் நின்றுவிடும்.

நம் ஆறு பதிவுகளும் இப்போது இப்படி நிற்கின்றன:

> சிவத்தம்பி, கா. 1988. தமிழில் இலக்கிய வரலாறு. சென்னை: நியூ செஞ்சுரி புக் ஹவுஸ்.
>
> பரமசிவன், தொ. 1989. அழகர் கோயில். மதுரை: மதுரை காமராசர் பல்கலைக்கழகம்.
>
> பரமசிவன், தொ. 2001. பண்பாட்டு அசைவுகள். நாகர்கோவில்: காலச்சுவடு பதிப்பகம்.
>
> புறநானூறு. 1894. உ. வே. சாமிநாதையர் (பதி.). சென்னை.
>
> வரதராசன், மு. 1972. தமிழ் இலக்கிய வரலாறு. புதுதில்லி: சாகித்திய அகாதெமி.
>
> வேங்கடாசலபதி, ஆ. இரா. 2000. அந்தக் காலத்தில் காப்பி இல்லை. நாகர்கோவில்: காலச்சுவடு பதிப்பகம்.

புறநானூற்றில் ஊருக்குப் பின் எதுவும் இல்லை. பழைய பதிப்புகளில் பதிப்பகத்துக்குப் பதில் அச்சுக்கூடத்தின் பெயர்தான் இருக்கும், அதைத் தலைப்புப் பக்கத்தில் பார்த்து அந்த இடத்தில் நிரப்ப வேண்டும்.

கடைசியாக ஒரு சரிபார்ப்பு. ஆய்வேட்டில் அடைப்புக்குறிக்குள் உள்ள சுட்டல்களை ஒவ்வொன்றாகத் தேடி, பட்டியலில் அதன் பதிவுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு டிக் போடுங்கள். சுட்டலுக்குப் பதிவு இல்லையென்றால் நூலைத் தேடிச் சேர்க்க வேண்டும். பதிவுக்கு டிக் விழவில்லையென்றால் அந்த நூலை நீங்கள் ஆய்வில் பயன்படுத்தவில்லை. "படித்த நூல்கள்" என்று தனித்தலைப்பு இருந்தால் அங்கே நகர்த்துங்கள், இல்லையென்றால் நீக்கிவிடுங்கள்.