தாழங்கரைக்கு எத்தனை ஸ்பெல்லிங்? பிராண்ட் பெயரை ஆங்கிலத்தில் ஒரே மாதிரி எழுத வைப்பது எப்படி

தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை இந்தக் கரையோரத்தில் கருவாடு, மிளகாய்த்தூள், கருப்பட்டி என்று வீட்டிலிருந்தே பாக்கெட் போட்டு விற்பவர்கள் நிறையப் பேர். தமிழில் பெயரை அழகாக வைத்துவிடுகிறார்கள். ஆங்கிலத்துக்குப் போகும்போதுதான் லேபிள் அடிப்பவர் ஒரு மாதிரியும், பில் போடுபவர் ஒரு மாதிரியும், அமேசானில் ஏற்றிக்கொடுத்த அக்கா மகன் இன்னொரு மாதிரியும் எழுதி வைக்கிறார்கள். அதன் பிறகு துபாயில் இருக்கும் வாடிக்கையாளர் பாக்கெட்டைப் பார்த்துத் தேடினால் கடை அகப்படாது. பாக்கெட்டில் ஒரு பெயரும் பட்டியலில் ஒரு பெயரும் இருந்தால் அமேசான் ஏற்காது.

இதைச் சரிசெய்யும் வழியை ஒரு பெயரை வைத்தே பார்ப்போம். எடுத்துக்காட்டுக்காக நானே கட்டிய பெயர் ‘தாழங்கரை’. கருவாடும் முண்டு மிளகாய்த்தூளும் விற்கும் ஒரு சின்னக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: இப்போது எங்கே எப்படி இருக்கிறது?

பாக்கெட், பில் புத்தகம், ஜிஎஸ்டி சான்றிதழ், உணவு உரிமம், உத்யம் சான்றிதழ், கூகுள் மேப், ஆன்லைன் பட்டியல், இன்ஸ்டாகிராம், யுபிஐ ஸ்கேன் அட்டை எல்லாவற்றையும் போனில் படம் எடுங்கள். பிறகு ஒரு எக்செல் தாளில், A வரிசையில் இடம், B வரிசையில் அங்கே உள்ள ஸ்பெல்லிங் என்று பார்த்தபடியே எழுதுங்கள். எழுதும்போதே திருத்திவிடாதீர்கள். `Thalankarai` என்று இருந்தால் அப்படியே போடுங்கள். சிறிய எழுத்து, பெரிய எழுத்து, நடுவில் உள்ள இடைவெளி எல்லாம் கணக்கு.

படி 2: எழுத்து எழுத்தாக முடிவெடுங்கள்

தாழங்கரையில் குழப்பம் வரும் இடங்கள் நான்கு. முதல் எழுத்து ‘த’. `T` என்று போட்டால் வெளியாட்கள் ‘டா’ என்று படிப்பார்கள், அதனால் `Th`. அடுத்தது நெடில். `Thaa` என்று எழுத ஆசையாக இருக்கும். ஆனால் காதால் கேட்டு டைப் செய்பவர்கள் பெரும்பாலும் ஒரு `a`-தான் போடுவார்கள். குறிலாகப் படித்தால் வேறு பொருள் வந்துவிடும் பெயராக இருந்தால் மட்டும் இரண்டு `a` போடுங்கள். ‘ங்க’ வரும் இடத்தில் `nk` எழுதினால் தமிழ் தெரியாதவர் ‘ங்க்க’ என்று அழுத்திப் படிப்பார். நம் நாக்கில் வரும் ஒலிக்கு `ng` பக்கம்.

மிச்சம் இருப்பது ‘ழ’. அதிகத் தகராறு இங்கேதான். `zh` என்பது கோழிக்கோடு, ஆலப்புழை போன்ற பெயர்களால் இந்தியா முழுக்கக் கண்ணுக்குப் பழகியது. ஆனாலும் வடநாட்டவர் அதை ‘ஜ’ என்றோ ‘ஸ’ என்றோ படிப்பார்கள். மலேசியா, சிங்கப்பூர், இலங்கைத் தமிழர்களில் பலர் ழகரத்துக்கு `l` போட்டே பழகியவர்கள். நம் கீழக்கரையையே பாருங்கள், `Keelakarai`, `Kilakarai` என்று இரண்டு விதமாக எழுதுகிறோம், இரண்டிலும் `zh` கிடையாது. சரி, `l` போட்டால் என்ன? `Thalangarai` என்று தேடிப் பாருங்கள். கேரளத்தில் காசர்கோட்டில் `Thalangara` என்று ஓர் ஊரே இருக்கிறது, தேடுபவர் அங்கே போய்விட வாய்ப்புண்டு. இந்தக் கடைக்கு நான் `zh` பக்கம்தான் நிற்பேன். முடிவு: `Thazhangarai`.

உச்சரிப்புக்கு நூற்றுக்கு நூறு பொருந்தும் ஸ்பெல்லிங்கைத் தேடிக்கொண்டே இருக்காதீர்கள். 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப் பெயர்களைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்தில் மாற்றி அறிவித்தது. கோயம்புத்தூர் `Koyampuththoor` ஆனது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். அரசாங்கமே கைவிட்ட வேலையை மிளகாய்ப் பாக்கெட்டில் செய்து முடிக்க முடியாது. கேட்டவர் டைப் செய்யும்போது எந்த ஸ்பெல்லிங் அதிகம் வருகிறதோ, அதற்குப் பக்கத்தில் இருந்தால் போதும்.

படி 3: போனில் சொல்லிப் பாருங்கள்

பெயரை இதுவரை பார்க்காத பத்துப் பேருக்குப் போன் போட்டு, “தாழங்கரைன்னு இங்கிலீஷ்ல எழுதி வாட்ஸ்அப்ல அனுப்புங்க” என்று மட்டும் சொல்லுங்கள். எழுத்து எழுத்தாகச் சொல்லிக் கொடுக்கக் கூடாது. உள்ளூர்க்காரர், சென்னையில் இருப்பவர், வளைகுடாவில் இருப்பவர் என்று கலந்து இருக்கட்டும். வரும் பதில்களில் நீங்கள் தேர்ந்தெடுத்தது ஒன்றுகூட இல்லையென்றால் படி 2-க்குத் திரும்புங்கள். பாதிப் பேருக்கு மேல் ஒரே எழுத்தில் மாறினால், அந்த எழுத்தில் பிடிவாதத்தை விட்டுவிடுங்கள்.

ராமேஸ்வரத்துக்கு வரும் வடநாட்டு யாத்ரிகர்களிடம் விற்பவர்கள் இதைத் திருப்பியும் செய்யலாம். எழுதிக் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். அவர்கள் ‘தஜங்கரை’ என்று படித்தால் நான் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். பாக்கெட்டைப் பார்த்து டைப் செய்பவருக்கு எழுத்து சரியாகவே வரும்.

படி 4: டிரேட் மார்க் தேடல்

லேபிள் அடிப்பதற்கு முன் இதை முடித்துவிடுங்கள். ஐபி இந்தியா தளத்தின் பொதுத் தேடலில் `Wordmark` என்பதில் ஒரு முறையும் `Phonetic` என்பதில் ஒரு முறையும் தேட வேண்டும். ஒரே ஒலி கொண்ட வேறு ஸ்பெல்லிங் இருந்தால் இரண்டாவதில் சிக்கும். டிரேட் மார்க்கில் பொருட்களை எண் போட்ட வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். மிளகாய்த்தூள் 30-ஆம் வகுப்பிலும் கருவாடு 29-ஆம் வகுப்பிலும் வரும் என்பதால் இரண்டிலும் பாருங்கள்.

விண்ணப்பப் படிவம் `TM-A`. தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைனில் வகுப்புக்கு 4,500 ரூபாய். இந்தக் கடை இரண்டு வகுப்பும் கேட்டால் 9,000. லோகோவில் தமிழ் எழுத்து இருந்தால், அதன் ஒலிபெயர்ப்பையும் பொருளையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ தரச் சொல்கிறது விதி. அந்தக் கட்டத்தில் `Thazhangarai` என்பதையே எழுதுங்கள். விண்ணப்பம் போன பிறகு பெயரின் உருவத்தை மாற்ற விடமாட்டார்கள், புதிதாகக் கட்டணம் கட்டிப் புது விண்ணப்பம்தான் போட வேண்டும்.

எல்லா ஸ்பெல்லிங்கையும் பதிவு செய்யத் தேவையில்லை. ஒலி ஒற்றுமையையும் சட்டம் கணக்கில் எடுக்கும் என்பதால், வேறொருவர் `Thalangarai` என்று மிளகாய்த்தூள் விற்றாலும் உங்கள் பதிவைக் காட்டி வழக்காடலாம்.

படி 5: பெயர்த் தாள்

ஒரே ஒரு தாள் போதும். இந்தக் கடைக்கு அது இப்படி இருக்கும்:

```
பிராண்ட்:       Thazhangarai
தமிழில்:        தாழங்கரை
வணிகப் பெயர்:   Thazhangarai Foods
இன்ஸ்டாகிராம்:  thazhangarai
```

பிராண்ட் பெயரும் வணிகப் பெயரும் தனித்தனி வரியில் இருப்பதைக் கவனியுங்கள். ஜிஎஸ்டியில் இன்னொரு பெயரும் உண்டு, பான் அட்டையில் உள்ள சட்டப் பெயர். தனிநபர் கடை என்றால் அது உரிமையாளரின் பெயர்தான், இந்த வேலையில் அதைத் தொட வேண்டாம். பில்லின் தலைப்பில் ஜிஎஸ்டி சான்றிதழில் உள்ளபடி பெயரும், பொருள் விவரத்தில் பிராண்ட் பெயரும் வரட்டும். ஊர்ப் பெயரும் அப்படித்தான், கீழக்கரைக்குச் சான்றிதழில் எந்த ஸ்பெல்லிங் இருக்கிறதோ அதையே முகவரியில் எல்லா இடத்திலும் போடுங்கள்.

முண்டு மிளகாய் விற்பவர்களுக்கு மட்டும் ஒன்று. `Ramanathapuram Mundu Chilli` என்பது 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பொருளின் பெயர். அதை உங்கள் பிராண்டோடு ஒட்டிப் புதுப் பெயர் செய்யாதீர்கள்.

படி 6: மாற்றும் வரிசை

மாற்றக் கடினமான காகிதம் முதலில், சுலபமானது கடைசியில். இன்ஸ்டாகிராம் பெயரை ஒரு நிமிடத்தில் மாற்றலாம் என்று அங்கேயே தொடங்கிவிடுகிறார்கள். பிறகு ஜிஎஸ்டியிலோ டிரேட் மார்க்கிலோ ஒரு எழுத்து மாறினால் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும்.

ஜிஎஸ்டி தளத்தில் வணிகப் பெயரை மாற்ற `Amendment of Registration Core Fields` என்ற இடத்துக்குப் போங்கள். படிவம் `REG-14`. பெயர் மாறிய 15 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும், அதிகாரி ஒப்புதல் தந்த பிறகே மாறும். அது கிடைத்ததும் உணவு உரிமத்தில் திருத்தம் போடுங்கள். பில் மென்பொருளில் பெயரை அதன் பிறகு மாற்றினால் போதும்.

அடுத்தது பாக்கெட். அச்சகத்துக்குப் பெயரைப் போனில் சொல்லவே கூடாது. டிடிபி செய்பவர் காதில் விழுந்ததை அடிப்பார், ழகரம் அங்கேதான் தொலையும். பெயர்த் தாளை ஃபைலாக அனுப்பி, அதிலிருந்து எடுத்து ஒட்டச் சொல்லுங்கள். புரூஃப் வந்ததும் ஒவ்வொரு எழுத்தையும் பின்னாலிருந்து முன்னால் படியுங்கள். சிலிண்டர் போட்டு அச்சடிக்கும் பவுச் என்றால், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர் ஆகும். பிராண்ட் பெயர் ஒரே நிறத்தில் இருந்தால் பின்னால் திருத்த ஒரு சிலிண்டர் செலவோடு போகும்.

பழைய பாக்கெட்டுகள் மிச்சம் இருக்கும். தயாரிப்பாளர் பெயரும் முகவரியும் சட்டப்படி பாக்கெட்டில் கட்டாயம் இருக்க வேண்டியவை, அவற்றின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி மாற்றுவதைப் பொட்டலப் பொருள் விதிகள் அனுமதிப்பதில்லை. உள்ளதை விற்று முடித்து, அதுவரை புது அச்சைச் சின்ன அளவில் வைத்துக்கொள்வதே வழி.

பார்கோடு வாங்காதவர்கள் ஸ்பெல்லிங் முடிவாகும்வரை வாங்க வேண்டாம். பார்கோடு எண் தரும் ஜிஎஸ்1 அமைப்பின் நெறிமுறைப்படி பாக்கெட்டின் முதன்மை பிராண்ட் பெயர் மாறினால் அந்தப் பொருளுக்குப் புது எண் தர வேண்டும்.

ஆன்லைன் பட்டியல் அதற்குப் பிறகு. அமேசானில் பிராண்ட் பெயரில் பெரிய எழுத்து சிறிய எழுத்துகூட ஒத்துப்போக வேண்டும், பாக்கெட் படத்தில் உள்ளதும் அதுவாகவே இருக்க வேண்டும். `5665` என்ற பிழை எண் வந்தால், அந்தப் பிராண்ட் பெயரை அமேசான் இன்னும் ஏற்கவில்லை என்று பொருள். புதுப் பாக்கெட்டைக் கையில் பிடித்து எடுத்த படத்தோடு அனுமதி கேளுங்கள்.

படி 7: சரிபார்ப்பு

எல்லாம் மாறிய பிறகு மறுபடி படம் எடுத்து, எக்செல் தாளின் B வரிசையில் புது ஸ்பெல்லிங்குகளை நிரப்புங்கள். வணிகப் பெயர் வரும் இடங்களிலும் அதில் உள்ள பிராண்ட் சொல்லை மட்டும் எழுதுங்கள். C வரிசையில்:

```
=EXACT(B2,"Thazhangarai")
```

`TRUE` வந்தால் சரி. வெறும் `=` போட்டு ஒப்பிட்டால் பெரிய எழுத்து சிறிய எழுத்து வித்தியாசத்தை எக்செல் கண்டுகொள்ளாது, `EXACT` கண்டுபிடித்துவிடும். தளங்களிலிருந்து நேரடியாக நகல் எடுத்து ஒட்டிய வரிகளில், கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தும் `FALSE` வருகிறதென்றால் பெயரின் கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும். இன்ஸ்டாகிராம் பெயர் சிறிய எழுத்தில்தான் இருக்கும், அந்த ஒரு வரியில் வரும் `FALSE`-ஐ விட்டுவிடுங்கள். யுபிஐ அட்டையில் வங்கிக் கணக்கின் பெயர் வந்தால் அதுவும் அப்படியே இருக்கட்டும், பணம் அனுப்புபவர் சரிபார்ப்பது அந்தப் பெயரைத்தான்.