இன்ஸ்டாகிராமில் அழித்த பதிவு 30 நாள் எங்கே இருக்கும்?

செல்லூரில் வீட்டிலிருந்தே சுங்குடிச் சேலை விற்கும் அக்கா ஏப்ரல் 24 அன்று போன் செய்தார். சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் பழைய பதிவுகளைக் கழிக்கும்போது, முடிச்சுப் போடுவதைக் காட்டும் ரீலும் சேர்ந்து போய்விட்டதாம். "மொத்தமா போச்சாப்பா?" என்றார். அழித்தது ஏப்ரல் 3. 21 நாள்தான் ஆகியிருந்தது, இன்னும் 9 நாள் மிச்சம்.

இன்ஸ்டாகிராமில் நாம் அழிக்கும் பதிவு, ரீல் எல்லாம் உடனே மறைந்தாலும் 30 நாள் ஒரு தனி இடத்தில் கிடக்கும். அதை நாம் மட்டுமே பார்க்க முடியும். கெடு முடிந்ததும் தானாகவே அழிந்துவிடும். ஸ்டோரி மட்டும் வேறு கணக்கு: ஆர்கைவில் சேமிக்காத ஸ்டோரியை அழித்தால் 24 மணி நேரம் வரைதான்.

அங்கே போகும் வழி இது. கீழே வலது மூலையில் உங்கள் படத்தைத் தொட்டு, மேலே உள்ள மூன்று கோட்டைத் தொடுங்கள். Your activity உள்ளே போய்க் கொஞ்சம் கீழே இறக்கினால் Recently deleted இருக்கும். ஒவ்வொரு படத்தின் மேலும் இன்னும் எத்தனை நாள் என்று எழுதியிருக்கும்.

அக்கா இதுவரை தானே வந்திருந்தார். ஆனால் ரீலைக் காணோம் என்று பதறிவிட்டார். பதிவுக்கு ஒன்று, ரீலுக்கு ஒன்று என மேலே தனித்தனிச் சின்னங்கள் இருக்கின்றன. ரீல் சின்னத்தைத் தொட்டதும் '9 days' என்று வந்து நின்றது. அதைத் திறந்து, மூன்று புள்ளியைத் தொட்டு Restore கொடுத்தோம்.

உடனே சரிபார்ப்பு எண் கேட்டது. கணக்கைத் திருடியவர் உள்ளே புகுந்து எல்லாவற்றையும் நிரந்தரமாக அழித்துவிடக் கூடாது என்பதற்கான காவல் இது. அந்தச் சரிபார்ப்பு எண் அக்காவின் பழைய சிம்முக்குப் போனது, அந்த சிம் கையில் இல்லை. நல்லவேளையாக மின்னஞ்சலும் பதிந்திருந்ததால் அதில் வாங்கிப் போட்டோம், ரீல் திரும்பிவிட்டது. உங்கள் கணக்கில் இருப்பது இப்போது பயன்படுத்தும் போன் எண்தானா என்று இன்றே பாருங்கள். கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது அதைத் தேடுவது பெரும்பாடு.

அதே இடத்தில் இன்னொரு படமும் கிடந்தது. பார்சலைப் படம் பிடித்ததில், வாங்கியவரின் முகவரியும் செல்போன் எண்ணும் பளிச்சென்று தெரிந்தன. இதை 30 நாள் விட்டுவைக்கக் கூடாது. உங்கள் போன் யார் கையிலாவது சிக்கினால் அவர் பார்த்துவிடலாம். அதைத் திறந்து, அதே மூன்று புள்ளியில் இந்த முறை Delete, மறுபடியும் கேட்டால் Delete. இப்படிப் போனது திரும்பாது. அதனால் படத்தை முழுசாகத் திறந்து பார்த்த பிறகே தொடுங்கள். ஏற்கெனவே யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தால் அதை இது ஒன்றும் செய்யாது. அதையும் சொல்லி, அந்த வாடிக்கையாளருக்குத் தகவல் கொடுக்கச் சொன்னேன்.

விற்றுத் தீர்ந்த சேலைப் படங்களை அக்கா இப்போது அழிப்பதில்லை. பதிவின் மூன்று புள்ளியில் Archive கொடுக்கிறார். அதற்கு நாள் கெடுவே கிடையாது, அடுத்த சித்திரைக்கும் எடுத்துக்கொள்ளலாம்.