வாடகை ஏ.சி.யைத் திருப்பிக் கொடுக்கும்போது

கோடையில் வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்து பாளையங்கோட்டையிலோ பெருமாள்புரத்திலோ சில மாதங்கள் தங்குகிறவர்கள் ஏ.சி., ஃபிரிட்ஜ், கட்டில் ஆகியவற்றை மாத வாடகைக்கு எடுப்பதுண்டு. ஃபிரிட்ஜை முந்தின நாளே அணைத்து, பனி உருகியதும் துடைத்து வைத்தால் போதும். முன்பணத்தைத் தின்பது ஏ.சி.தான்.

ஓர் உதாரணக் கணக்கு. ஆறு மாதத் திட்டத்தில் மாத வாடகை 1,500 ரூபாய், மூன்று மாதத் திட்டத்தில் 1,900 ரூபாய், முன்பணம் 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்துக்கு எடுத்தவர் நான்காம் மாத முடிவில் கிளம்புகிறார். முன்னதாகக் கிளம்பினால் மூன்று மாதத் திட்ட வாடகைதான் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், நான்கு மாதத்துக்கும் வித்தியாசம் 400 வீதம் 1,600 ரூபாய் பிடிப்பார்கள். அது நியாயமான பிடித்தம். அதன்மேல் “கேஸ் போயிருக்கிறது அண்ணாச்சி” என்று 2,800 ரூபாய் சேர்த்தால், கைக்கு வருவது 600 ரூபாய்தான்.

அந்த 2,800 ரூபாயைத்தான் தடுக்க வேண்டும். கழற்ற ஆள் வந்தவுடன் ஏ.சி.யைக் குளிர்நிலையில் ஓடவிட்டு, குளிர்ந்த காற்று வருவதை அவர் முன்னாலேயே வீடியோ எடுங்கள். அடுத்து, ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளியே இருக்கும் பெட்டியில் மெல்லிய குழாயின் வால்வை முதலில் அடைக்க வேண்டும். ஓரிரு நிமிடத்தில் கேஸ் முழுவதும் அந்தப் பெட்டிக்குள் சேர்ந்துவிடும். பிறகு தடித்த குழாயின் வால்வையும் அடைத்து, உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். குழாயைத் தளர்த்தும்போது நொடிப்பொழுது ‘உஸ்’ என்று கேட்டால் கவலையில்லை. சத்தம் நீண்டு, எண்ணெய் தெறித்தால் கேஸ் வெளியே போகிறது; அது கழற்றியவரின் தவறு, உங்கள் கணக்கில் எழுத விடாதீர்கள்.

இதற்கு மின்சாரம் வேண்டும். ஆகவே பராமரிப்புக்காக மின்தடை அறிவிக்கப்பட்ட நாளில் ஆளை வரச்சொல்லாதீர்கள். செய்தித்தாளில் பகுதிவாரியாக அறிவிப்பு வரும். மின்சாரம் இல்லையென்று வால்வை அடைக்காமலே கழற்றினால் வம்புதான்.

எடுத்துச் செல்லும் தேதியை விமானத்துக்கு நான்கைந்து நாள் முன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். கோரிக்கை எண்ணும் தேதியும் எழுத்தில் இருக்கட்டும். வண்டி தாமதமானால் அந்த நாள்களுக்கும் வாடகை கேட்பார்கள், அப்போது அந்தத் தேதிதான் பேசும். ரிமோட், ஸ்டெபிலைசர், வெளிப்பெட்டியின் தாங்கி மூன்றையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். பொருத்தியபோது செம்புக் குழாய்க்குத் தனியாகப் பணம் கொடுத்திருந்தால் அது உங்களுடையது. சுருட்டி எடுத்து வையுங்கள். வண்டியில் ஏறிவிட்டால் திரும்ப வராது.

முன்பணத்தை வெளிநாட்டு வங்கிக் கணக்குக்குக் கேட்டால் இழுபறிதான். உங்கள் என்.ஆர்.ஓ. கணக்கையோ, ஊரில் இருக்கும் தம்பி அல்லது மைத்துனர் கணக்கையோ, எடுத்துச் செல்லும் நாளிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஓ.டி.பி. வரும் இந்திய சிம்மைப் பணம் வந்து சேரும்வரை அணைக்காதீர்கள். காரணம் சொல்லாமல் பிடித்தால் ரசீதும் வீடியோவும் கையில் இருக்க, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குத் தம்பியே பேசலாம்.