செங்கல் சுவரை நிராகரிக்கும் கடிதம் எழுதும்போது

பினாங்கில் ஒரு அடுக்குமாடிக் கட்டுமானம் என்று வைத்துக்கொள்வோம். ஆலோசகர் குத்தகைக்காரருக்கு “வேலை தரமில்லை” என்று மட்டும் எழுதினால் வாக்குவாதம்தான் மிஞ்சும். அளவை எழுதுங்கள்:

“ஐயா, 3ஆம் மாடி, சி4 தூண் முதல் சி6 தூண் வரையிலான சுவரை இன்று பரிசோதித்தோம். சாந்து இணைப்பு 10 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 18 முதல் 22 மி.மீ. வரை உள்ளது. செங்குத்து இணைப்புகள் மூன்று வரிசைகளில் ஒரே கோட்டில் விழுகின்றன. தூண் ஓரத்தில் சுவரைத் தூணோடு பிணைக்கும் இணைப்புக் கம்பிகள் இல்லை. ஒப்பந்த விவரக்குறிப்புக்கு மாறான இச்சுவரை ஏற்க இயலாது. 7 நாளில் இடித்து, உங்கள் செலவில் மீண்டும் கட்டவும். நாங்கள் பார்வையிடும்வரை பூச்சு வேண்டாம்.”

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பூச்சு ஏறிவிட்டால் குறை மறைந்துவிடும். தடித்த சாந்து உலர்ந்து சுருங்கும்போதுதான் விரிசல் வெளியே வரும். கம்பி இல்லாத தூண் ஓரமோ நெடுக்காகப் பிளக்கும். 7 நாள் என்பது உதாரணம்தான். உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள கெடுவையும் விதி எண்ணையும் எழுதுங்கள். அளவு நாடா தெரியும்படி எடுத்த, தேதியிட்ட படங்களை இணையுங்கள். கொத்தனாரைக் குறைசொல்லும் சொல் ஒன்றுகூட வேண்டாம், சுவரைப் பற்றி மட்டும் பேசுங்கள்.