தாத்தாவின் ஒன்பது மணி: போனில் தினசரி நினைவூட்டல் வைக்கும் முறை

என் அப்பாவுக்குச் சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் இருக்கிறது. வயது எழுபத்து நான்கு. போன வருடம் கண்ணில் நீர் அழுத்தம் கூடியிருப்பதாகச் சொல்லி, தினமும் இரவு ஒன்பது மணிக்கு இரண்டு கண்ணிலும் ஒரு சொட்டு மருந்து விடச் சொன்னார்கள். கிளாக்கோமா என்கிற இந்த நோய் பெரும்பாலும் வலிக்காது, உறுத்தாது. அதனால் மருந்து விடாத நாளில் கண் எதையும் ஞாபகப்படுத்தாது. அழுத்தத்தால் நரம்பு கெட்டுப் போன பார்வையோ திரும்பி வராது.

அதுவரை ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தவர் அம்மா. தம்பி மனைவியின் பிரசவத்துக்காக அவர் திருப்பூர் போனதும், ஒரே வாரத்தில் மூன்று இரவு மருந்து விட்டுப்போனது. மே மாத லீவுக்கு அங்கே போயிருந்த என் மகன், "நான் தாத்தாவுக்கு போன்ல வைக்கச் சொல்லிக் குடுக்குறேம்மா" என்றான். ஏழாம் வகுப்பு முடித்தவன். அவன் சொல்லிக்கொடுத்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். அப்பாவுடையது ஆண்ட்ராய்டு போன். உங்கள் போனில் பொத்தான்கள் கொஞ்சம் இடம் மாறியிருக்கலாம், வேலை ஒன்றுதான்.

முதல் படி: காலண்டர் வேண்டாம், கடிகாரம் போதும்

நினைவூட்டல் என்றதும் நான் காலண்டர் செயலியைத்தான் நினைத்தேன். பேரன் ஒத்துக்கொள்ளவில்லை. காலண்டர் நினைவூட்டல் ஒரு தடவை 'டிங்' என்று ஒலித்துவிட்டு ஓய்ந்துவிடும். அப்பாவின் போன் அந்த நேரத்தில் ஆணியில் தொங்கும் சட்டைப் பையில் இருக்கும், அவர் திண்ணையில் இருப்பார். கடிகாரச் செயலியின் அலாரம் அப்படியில்லை, ஆள் வந்து நிறுத்தாவிட்டால் சில நிமிடங்களுக்காவது விடாமல் அடிக்கும். அதனால் போனிலேயே இருக்கிற `Clock` செயலியைத் திறந்து, அதில் `Alarm` என்ற பகுதியைத் தொடச் சொன்னான். போன் கடைசி வரை தாத்தாவின் கையில்தான் இருந்தது. தன் விரலை மட்டும் திரைக்கு மேலே காட்டினான்.

இரண்டாம் படி: நேரம், அதோடு ஒரு கணக்கு

`+` அடையாளத்தைத் தொட்டால் கடிகார முகம் வரும். மணிக்கு 9, நிமிடத்துக்கு 00. பக்கத்தில் `AM`, `PM` என்று இரண்டு இருக்கும். நள்ளிரவு முதல் நண்பகல் வரை `AM`, அதற்கப்புறம் `PM`. பிறகு `OK`.

தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான். அப்பாவும் தவறினார். ஆனால் போனே அதைக் காட்டிக்கொடுத்தது. நேரம் வைத்து முடித்ததும் திரையின் அடியில் ஒரு வரி வந்து சில நொடிகளில் மறையும். இன்னும் எவ்வளவு நேரத்தில் அலாரம் அடிக்கும் என்பதுதான் அந்த வரி. அப்போது மாலை 6:43. வந்த வரியில் 14 மணி 17 நிமிடம் என்று இருந்தது.

"தாத்தா, இப்ப மணி ஆறே முக்கால் ஆகப் போகுது. அதோட பதினாலு மணி நேரத்தைக் கூட்டிப் பாருங்க."

அப்பா விரல் விட்டு எண்ணினார். "அது விடிஞ்சு காலையிலல்ல வருது?"

"ஆமா. `AM`ல இருக்கு. மாத்துங்க."

அலாரத்தின் நேரத்தைத் தொட்டு `PM` ஆக்கினார். இப்போது 2 மணி 15 நிமிடம் என்று வந்தது. ஆறே முக்காலோடு இரண்டே கால் சேர்ந்தால் ஒன்பது. வெற்றிலைக் கவுளிக் கணக்கில் ஊறியவருக்கு இது பிடித்துப்போனது. இங்கிலீஷ் எழுத்து தெரியாவிட்டாலும் எண்ணை வைத்தே சரிபார்த்துக்கொள்ளலாம். `AM`, `PM` என்பதை மனப்பாடம் செய்யச் சொல்வதைவிட இந்தக் கணக்கைப் பழக்குவது நல்லது என்பேன்.

மூன்றாம் படி: ஏழு வட்டம்

அன்றிரவு ஒன்பதுக்கு அடித்தது, மருந்தும் விட்டாயிற்று. மறுநாள் அடிக்கவில்லை. போன் கெட்டுவிட்டது என்றே அப்பா முடிவு கட்டிவிட்டார். எடுத்துப் பார்த்தால் அலாரத்தின் பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்விட்ச் தானாகவே அணைந்திருந்தது.

காரணம் இதுதான். நாட்களைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால், ஒரு தடவை மட்டும் அடிக்க வேண்டும் என்று போன் எடுத்துக்கொள்ளும். அடித்து முடித்ததும் அணைந்துவிடும். தினமும் அடிக்க வேண்டுமானால் அந்த அலாரத்தைத் தொட்டு விரித்து, அதில் வரிசையாக இருக்கும் ஏழு சிறு வட்டங்களையும் தொட வேண்டும். `S M T W T F S` என்று கிழமைகளின் முதல் எழுத்துகள் இருக்கும். `S` இரண்டு, `T` இரண்டு என்று பார்த்துக் குழம்பத் தேவையில்லை. தினசரி நினைவூட்டலுக்கு எந்த வட்டம் எந்தக் கிழமை என்று தெரியவே வேண்டாம். "ஏழும் நிறம் மாறியிருக்கான்னு எண்ணுங்க தாத்தா, அது போதும்" என்றான். ஏழும் மாறியதும் அலாரத்தின் கீழே `Every day` என்று வந்தது. சில போன்களில் இந்த இடத்தில் சொற்கள் வேறாக இருக்கும், ஆனாலும் ஏழு என்ற எண்ணிக்கை மாறாது.

நான்காம் படி: பெயரும் குரலும்

அதே இடத்தில் `Label` என்று ஒன்று இருக்கும். அதைத் தொட்டு, விசைப்பலகையில் உள்ள மைக்கை அழுத்தி அப்பா "கண் மருந்து" என்று சொன்னார், தமிழிலேயே எழுதிக்கொண்டது. அடிக்கும்போது திரையில் இந்தப் பெயர் தெரியும். விசைப்பலகையில் தமிழைச் சேர்த்திருந்தால்தான் இது நடக்கும்.

ஒலி விஷயத்தில் கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருந்தது. போனில் ஏற்கெனவே இருந்த அலாரச் சத்தம் அப்பாவின் காதுக்கு யாரோ கூப்பிடுவது போலவே இருந்தது. ஒரு நாள் அவசரத்தில் காதில் வைத்து "அலோ" என்றுவிட்டார். அதனால் பேரன் தன் குரலைப் பதிவு செய்தான்: "தாத்தா, மணி ஒம்போது. கண்ணுக்கு மருந்து விடுங்க." அலாரத்தில் மணி அடையாளத்தைத் தொட்டால் ஒலிகளின் பட்டியல் வரும். அங்கே `Add new` வழியாகப் பதிவு செய்த கோப்பைச் சேர்த்தார்கள். அந்த வசதி இல்லாத போனில், அழைப்பு ஒலிக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

சத்த அளவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அழைப்புக்கு ஒரு அளவு, பாட்டுக்கு ஒரு அளவு, அலாரத்துக்குத் தனி அளவு. ரிங்டோன் ஊரையே எழுப்பும்படி இருக்கும், அலாரம் முனகும். கடிகாரச் செயலியின் அமைப்புகளில் `Alarm volume` என்று இருப்பதைக் கூட்டி வைக்க வேண்டும். கூட்டிய பிறகு இரண்டு நிமிடம் தள்ளி ஒரு சோதனை அலாரம் வைத்து, போனைச் சட்டைப் பையில் போட்டு ஆணியில் மாட்டிவிட்டு, தாத்தாவைத் திண்ணையில் உட்காரவைத்தான். முதல் தடவை கேட்கவில்லை. இன்னும் கூட்டியதும் கேட்டது. போனைக் கையில் வைத்துக்கொண்டு செய்யும் சோதனை இதற்கு உதவாது. அது தினமும் எங்கே கிடக்குமோ அங்கேயே வைத்துப் பார்க்க வேண்டும்.

ஐந்தாம் படி: எதைத் தொட்டு நிறுத்துவது

அலாரம் அடிக்கும்போது இரண்டு பொத்தான்கள் வரும். `Snooze` என்பதைத் தொட்டால் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடிக்கும். அப்பாவின் போனில் பத்து நிமிடம். `Stop` என்பதைத் தொட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், இனி மறுநாள் ஒன்பதுக்குத்தான். சில போன்களில் இதற்கு `Dismiss` என்று பெயர் இருக்கும்.

அப்பா முதலில் `Stop` தொட்டுவிட்டு, "சாப்பாட்டை முடிச்சிட்டு விட்டுக்கலாம்" என்று உட்கார்ந்தார். மறந்தும் போனார். பேரன் போட்ட விதி: மருந்து விடாத வரைக்கும் `Stop` தொடக்கூடாது. கை வேலையாக இருந்தால் `Snooze`. யாருமே தொடாவிட்டால் அலாரம் முடிவில்லாமல் அடிக்காது, சில நிமிடங்களில் தானாக ஓயும். எத்தனை நிமிடம் என்பது `Silence after` என்ற அமைப்பில் இருக்கிறது. அதைக் கூட்டிக்கொள்ளலாம்.

அலாரம் சொல்லாத ஒன்று

நான்காம் நாள் காலையில் அப்பா கேட்டார்: "நேத்து ராத்திரி மருந்து விட்டேனா இல்லையா?" அலாரத்தை நிறுத்தியது ஞாபகம் இருக்கிறது, சொட்டு விட்டது ஞாபகமில்லை. சந்தேகத்துக்கு இன்னொரு சொட்டு விடக்கூடாது. விட்டுப்போயிருந்தாலும் மறுநாள் சேர்த்து விடாமல் வழக்கமான அளவே விட வேண்டும் என்றுதான் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். (உங்கள் வீட்டு மருந்துக்கு உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.) ஆக, போன் நேரத்தைச் சொல்லும், செய்தோமா என்பதைச் சொல்லாது.

பேரன் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பார்த்தான். அப்பா வழக்கமாகக் காலையில் எழுந்ததும் தாளைக் கிழித்து ராகு காலம் பார்ப்பார். "இனிமே காலையில கிழிக்காதீங்க தாத்தா. ராத்திரி மருந்து விட்டதும் கிழிங்க." காலையில் காலண்டர் அன்றைய தேதியைக் காட்டினால் மருந்து விட்டாயிற்று. நேற்றைய தேதியே நின்றால் விடவில்லை. செய்தித் தாளைக் கையில் எடுப்பதற்கு முன்னாலேயே பதில் தெரிந்துவிடும்.

இன்னும் ஒன்று பாக்கி. போன் சார்ஜ் தீர்ந்து அணைந்திருந்தால் அலாரம் அடிக்கும் என்று நம்ப முடியாது. அப்பா படுக்கப் போகும்போதுதான் சார்ஜ் போடுவார், அதற்குள் சில நாள் உயிர் போயிருக்கும். இப்போது விளக்கு வைக்கும் நேரத்திலேயே போட்டுவிடுகிறார். அதனால் போன் ஒன்பது மணிக்குச் சட்டைப் பையில் இல்லாமல் பிளக்குக்குப் பக்கத்து அலமாரியில் இருக்கிறது. மருந்துப் பாட்டிலும் அங்கேதான்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் பையன் மதுரை வந்துவிட்டான். போன வாரம் இரவு அப்பா அவனைக் கூப்பிட்டார். மறுநாள் கண் பரிசோதனைக்கு மதுரை வர வேண்டும், முதல் பஸ்ஸைப் பிடிக்கத் தானே ஒரு அலாரம் வைத்திருக்கிறாராம்.

"எட்டு மணி நாப்பது நிமிஷம்னு காட்டுச்சு. சரியா இருக்கா பாரு."

"இப்ப மணி என்ன தாத்தா?"

"ஒம்போதுக்குப் பத்து."

"அப்ப அஞ்சரைக்கு அடிக்கும். சரிதான். வட்டம் எத்தனை தொட்டீங்க?"

"ஒண்ணுகூடத் தொடலடா. நாளைக்கு ஒரு நாள்தானே."

அப்புறம் கொடிக்கால், அம்மா எப்போது திரும்புவார், பரீட்சை என்று பேச்சு நீண்டது. நடுவில் அந்தப் பக்கம் இவன் குரலே கேட்டது. "தாத்தா, மணி ஒம்போது."

"வைக்கிறேன்டா, நீ கூப்பிடுற" என்றார் அப்பா.